நேற்றைய மாற்றங்கள், இன்றைய ஆறு வரி: ஸ்டாண்ட்-அப் சுருக்கம் உருவாகும் விதம்

மென்பொருள் குழுக்களில் பெரும்பாலானவை காலையில் கூடி, வேலை எங்கே நிற்கிறது என்று சில நிமிடம் பேசிக்கொள்கின்றன. நின்றபடியே பேசினால் பேச்சு நீளாது என்பதால் இதற்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயர் வந்தது. ஸ்க்ரம் என்ற வேலைமுறையை உருவாக்கிய ஜெஃப் சதர்லாந்தும் கென் ஷ்வேபரும் 1995-இல் அதை ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார்கள். அவர்கள் எழுதிவரும் ஸ்க்ரம் கையேடு இந்தக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான் ஒதுக்குகிறது. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், என்ன தடை என்ற மூன்று கேள்விகள் நெடுங்காலம் இதன் அடையாளமாக இருந்தன. 2020 பதிப்பில் அவை நீக்கப்பட்டன. எடுத்துக்கொண்ட இலக்கை நோக்கி வேலை நகர்கிறதா என்று பார்த்து, தேவையானால் அன்றைய திட்டத்தை மாற்றிக்கொள்வதே நோக்கம் என்று அந்தப் பதிப்பு சொல்கிறது.

கூட்டத்துக்கு முன்பே நேற்றைய மாற்றங்கள் சுருக்கமாக எழுத்தில் கிடைத்தால், ஆளுக்கு ஆள் நினைவிலிருந்து ஒப்பிக்கும் நேரம் மிச்சமாகும். அதற்கான மூலப்பொருள் ஏற்கெனவே குழுவிடம் இருக்கிறது. ஜிரா போன்ற வேலைப்பதிவு மென்பொருளில் ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட். அது ‘செய்ய வேண்டியது’, ‘நடப்பில்’, ‘ரிவ்யூ’, ‘சோதனை’, ‘முடிந்தது’ என்று போர்டில் நிலை மாறும்போதெல்லாம் யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்பது தானாகப் பதிவாகிறது. ஆனால் அந்தப் பதிவை அப்படியே பட்டியலிட்டால் படிக்க முடியாது. எந்த நேரம் வரை எடுப்பது, எதை விடுவது, மிஞ்சியதை எப்படி மடிப்பது, பதிவாகாததை எப்படிப் பிடிப்பது ஆகிய நான்கையும் முடிவு செய்தால்தான் அது சுருக்கமாகும்.

‘நேற்று’ எப்போது தொடங்குகிறது?

முதல் சிக்கல் ‘நேற்று’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. நாட்காட்டிப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை எடுத்தால், திங்கட்கிழமை காலையில் ஞாயிற்றுக்கிழமையின் மாற்றங்கள் வரும். அதாவது ஒன்றும் வராது. வெள்ளிக்கிழமை செய்த வேலை முழுவதும் காணாமல் போகும். இரவில் வேலை செய்பவர்கள் இருந்தாலும் இதே தொல்லைதான். ஒரு மாற்றப்பதிவு மென்பொருளிலிருந்து கீழ்க்கண்டவாறு வெளியே வருகிறது:

```
"created": "2025-03-11T18:52:10.000+0000",
"items": [{
  "field": "status",
  "fromString": "In Progress",
  "toString": "In Review"
}]
```

இந்த வேலை ‘நடப்பில்’ என்ற நிலையிலிருந்து ‘ரிவ்யூ’வுக்குப் போயிருக்கிறது. தேதி மார்ச் 11 என்று தெரிந்தாலும், கடைசியில் உள்ள `+0000` இது உலகப் பொது நேரம் என்பதைச் சொல்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், சென்னையில் இருப்பவருக்கு இது மார்ச் 12 நள்ளிரவு தாண்டி 12:22. மார்ச் 12 காலைக் கூட்டத்துக்கு இந்திய நாட்காட்டிப்படி ‘நேற்று’ என்று கேட்டால் இந்தப் பதிவு வராது. பொது நேரப்படி கேட்டால் வரும். ஜிராவில் தேதியை வைத்துத் தேடும்போது, தேடுபவரின் கணக்கில் எந்த நேர மண்டலம் அமைந்திருக்கிறதோ அதன்படிதான் விடை கிடைக்கும். ஒரே தேடலைச் சென்னையில் ஒருவரும் லண்டனில் ஒருவரும் போட்டால் இருவேறு பட்டியல் வருவது இதனால்தான்.

நாளை வைத்துக் கேட்காமல், முந்தைய சுருக்கம் எடுத்த நேரத்திலிருந்து இப்போது வரை என்று கேட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். நேற்று காலை 10 மணிக்கு எடுத்திருந்தால், அந்த 10 மணியிலிருந்து இன்று 10 மணி வரை. திங்கட்கிழமை என்றால் வெள்ளி 10 மணியிலிருந்து. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு என்றால் விடுமுறைக்கு முந்தைய கூட்டத்திலிருந்து. எந்தப் பதிவும் இரண்டு முறை வராது, எதுவும் இடையில் விழாது. முந்தைய நேரத்தை எங்காவது குறித்து வைத்திருந்தால் போதும்.

எதை எடுப்பது, எதை விடுவது?

ஜிராவின் தேடல் மொழியில் இதை நேரடியாகக் கேட்கலாம். `BUS` என்பது திட்டத்தின் குறுக்கம் என்று வைத்துக்கொண்டால்:

```
project = BUS AND (
  status CHANGED AFTER "2025-03-11 10:00"
  OR assignee CHANGED AFTER "2025-03-11 10:00"
  OR created >= "2025-03-11 10:00")
```

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிக்கெட் பிறந்ததை ஜிரா மாற்றமாகக் கணக்கிடுவதில்லை. பிறந்த பிறகு நடக்கும் முதல் திருத்தத்திலிருந்துதான் மாற்றப்பதிவு தொடங்குகிறது. அதனால் நேற்று மாலை ஒருவர் புதிதாகத் திறந்து, வேறு யாரும் இன்னும் தொடாத அவசரப் பிழை ஒன்று, மாற்றங்களை மட்டும் தேடினால் கண்ணில் படாது.

இந்தத் தேடல் மாறிய டிக்கெட்டுகளைத்தான் காட்டும், நடந்த மாற்றங்களைக் காட்டாது. அவற்றுக்கு ஒவ்வொரு டிக்கெட்டின் வரலாற்றையும் திறக்க வேண்டும். டிக்கெட்டின் பக்கத்தில் ‘History’ என்ற பகுதியில் அது இருக்கும். நிரல் எழுதி எடுப்பவர்கள் `/rest/api/3/issue/BUS-204/changelog` என்பது போன்ற முகவரியிலிருந்து பெறுவார்கள்.

வரலாற்றில் எல்லாமே இருக்கும். விவரக் குறிப்பில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியது, போர்டில் ஒரு அட்டையை மேலே இழுத்து வைத்தது, லேபிள் ஒட்டியது என்று ஒவ்வொன்றும் தனிப் பதிவு. கூட்டத்துக்கு இவை தேவையில்லை. நிலை, பொறுப்பாளர், முன்னுரிமை, கெடுதேதி ஆகிய நான்கு புலங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால் பெரும்பாலான குழுக்களுக்குப் போதும். ஒரே ஆள், ஒரே நொடியில், பல டிக்கெட்டுகளில் ஒரே மாற்றத்தைச் செய்திருந்தால் அது மொத்தமாகத் தேர்ந்தெடுத்துச் செய்த ஒழுங்குபடுத்தல். அதையும் ஒரு வரியாகச் சொல்லலாம் அல்லது விட்டுவிடலாம்.

மடிப்பது எப்படி?

வடிகட்டிய பிறகும் ஒரே டிக்கெட்டுக்கு மூன்று, நான்கு பதிவுகள் மிஞ்சும். அவற்றை ஒன்றாக மடிக்க எளிய வழி ஒன்று உண்டு. முதல் பதிவின் ‘எதிலிருந்து’ பகுதியையும், கடைசிப் பதிவின் ‘எதற்கு’ பகுதியையும் எடுத்துக்கொண்டு நடுவில் உள்ளதை விட்டுவிடுவது. செய்ய வேண்டியதிலிருந்து நடப்பு, நடப்பிலிருந்து ரிவ்யூ, ரிவ்யூவிலிருந்து முடிந்தது என்று மூன்று பதிவுகள் இருந்தால், ‘எடுத்து முடிக்கப்பட்டது’ என்று ஒரே வரி. தொடக்கமும் முடிவும் ஒன்றாகவே இருந்தால் அந்த டிக்கெட் சுருக்கத்தில் வர வேண்டியதில்லை.

இந்த விதியை மட்டும் நம்பினால் ஒரு முக்கியமான செய்தி தொலைந்துவிடும். ரிவ்யூவுக்குப் போய், குறை கண்டு திரும்பி, மறுபடி ரிவ்யூவுக்குப் போன வேலையும், ஒரே முறை போன வேலையும் மடித்த பிறகு ஒன்றுபோலத் தெரியும். ஆகவே நடுவில் எங்காவது வேலை பின்னோக்கி நகர்ந்திருந்தால் அதை ஒரு அடையாளமாகச் சேர்த்துவைக்க வேண்டும். தவறுதலாக இழுத்து விட்டு உடனே திருப்பி வைத்தது மட்டும் இதற்கு விலக்கு. இரண்டு பதிவுக்கும் இடைவெளி ஓரிரு நிமிடம்தான், செய்தவரும் ஒரே ஆள் என்றால் அது கை தவறியது என்று கொள்ளலாம்.

மடித்ததை யார் பெயரில் தொகுப்பது என்பதும் கவனிக்க வேண்டியது. பதிவில் இருப்பது நிலையை மாற்றியவரின் பெயர். வேலை செய்தவரும் அவரே என்று சொல்ல முடியாது. சோதனையாளர் ஒரு வேலையை முடித்து வைத்தால் பதிவு அவர் பெயரில் ஏறும். அதை எழுதிய நிரலாளர் பெயரில் ஒன்றும் இருக்காது. ஆள்வாரியாகத் தொகுத்தால் நாள் முழுக்க உழைத்தவர் சும்மா இருந்ததுபோலத் தெரிவார். டிக்கெட்வாரியாகத் தொகுத்து, பொறுப்பாளரைப் பக்கத்தில் குறிப்பதே சரி.

ஒரு நாளின் கணக்கு

பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்றைச் செய்யும் ஐந்து பேர் கொண்ட குழுவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2025 மார்ச் 11 செவ்வாய் காலை 10 மணியிலிருந்து மார்ச் 12 புதன் காலை 10 மணி வரை அவர்களுடைய போர்டில் 27 மாற்றப்பதிவுகள் உள்ளன. அதில் 9 குழுத் தலைவர் ஒரே நொடியில் ஒட்டிய லேபிள்கள், 4 வரிசை மாற்றம், 2 விவரக் குறிப்புத் திருத்தம். இந்த 15-ஐயும் தள்ளினால் 12 பதிவுகள் மிஞ்சுகின்றன. அவை ஐந்து டிக்கெட்டுகளைச் சேர்ந்தவை.

BUS-204, இருக்கைத் தேர்வுத் திரை. நடப்பிலிருந்து ரிவ்யூவுக்குப் போனது, பிற்பகல் 3:15-க்குத் திரும்பியது, நள்ளிரவு 12:22-க்கு மறுபடி ரிவ்யூவுக்குப் போனது. மேலே காட்டிய பதிவு இதனுடையதுதான். மடித்தால் ‘நடப்பிலிருந்து ரிவ்யூ, ஒரு முறை திரும்பியது’.

BUS-211, பயணத்தை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பி அனுப்பும் பகுதி. நண்பகலில் சோதனையிலிருந்து முடிந்ததற்குப் போனது. மாலை 5:30-க்குச் சோதனையாளர் அதைத் திரும்பத் திறந்து நடப்பில் வைத்தார். ரத்து பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பணம் இரண்டு முறை போகிறது என்று கருத்துரையில் எழுதினார். மடித்தால் ‘சோதனையிலிருந்து நடப்பு’. அன்றைய நாளின் பெரிய செய்தி இதுதான். முன்னேற்றங்களை மட்டும் எண்ணும் சுருக்கத்தில் இது நண்பகலில் ‘முடிந்தது’ என்றே நின்றுவிடும்.

BUS-215, பயணச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்புவது. மூன்று பதிவுகள், ஒரே நாளில் எடுத்து முடிக்கப்பட்டது. BUS-220, பயண வரலாற்றுத் திரை. வடிவமைப்பாளரிடமிருந்து நிரலாளருக்குக் கைமாறி, வேலை தொடங்கியது. BUS-219, நிறுத்தங்களின் பட்டியல். நடப்பிலிருந்து முடிந்ததற்குப் போய், ஒரு நிமிடத்துக்குள் திரும்பியது. கை தவறியதுதான், எனவே மடித்தால் ஒன்றுமில்லை.

இவற்றோடு, மாற்றப்பதிவே இல்லாத BUS-223 என்ற புதிய டிக்கெட் `created` வரியால் கிடைக்கிறது. சில கைப்பேசிகளில் தேதியைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்ற பிழை அது. இதுவரை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

நகராதவை

இந்த ஆறு டிக்கெட்டுகளோடு நிறுத்தினால் சுருக்கம் பாதிதான். தடைபட்டு நிற்கும் வேலையில் எந்த மாற்றமும் நடக்காது. மாற்றம் இல்லாவிட்டால் பதிவும் இல்லை. கூட்டத்தில் முதலில் பேசவேண்டிய வேலை, மாற்றப்பதிவை மட்டும் பார்த்து எழுதும் சுருக்கத்தில் ஒருபோதும் வராது. அதற்குத் தனித் தேடல் வேண்டும்:

```
project = BUS AND status = "In Progress"
AND NOT status CHANGED AFTER startOfDay("-3d")
```

மூன்று நாளாக ‘நடப்பில்’ என்ற நிலையிலேயே கிடப்பவற்றை இது கொடுக்கும். கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைக் குறிக்கும் `updated` என்ற புலத்தை வைத்துத் தேடுவது சுலபமாகத் தோன்றும். ஆனால் யாராவது ‘என்ன ஆச்சு?’ என்று ஒரு கருத்துரை போட்டாலே அந்த நேரம் புதிதாகிவிடும். நாலு நாளாக நிற்கும் வேலை சுறுசுறுப்பாக நடப்பதுபோலத் தெரியும்.

எடுத்துக்காட்டுக் குழுவில் இந்தத் தேடல் BUS-198-ஐக் கொண்டுவருகிறது. வங்கியின் கட்டண வசதியை இணைக்கும் வேலை. மார்ச் 6 வியாழன் முதல் நடப்பில் இருக்கிறது. வங்கி தரவேண்டிய சோதனைக் கணக்கு வரவில்லை. ஆனால் BUS-219 இதில் வரவில்லை. அதுவும் மார்ச் 7 வெள்ளி முதல் நடப்பிலேயே நிற்கிறது. நேற்று கை தவறி இழுத்த அந்த ஒரு நிமிடத்தால், நிலை நேற்றுதான் மாறியது என்று மென்பொருள் எண்ணிக்கொள்கிறது. அதனால் மடித்து முடித்த பிறகு, ‘ஒன்றுமில்லை’ என்று வந்த டிக்கெட்டுகள் உண்மையில் எப்போதிலிருந்து அந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

வரிசையும் சொல்லும்

முடிந்ததை முதலில் சொல்லி, தடையைக் கடைசியில் சொல்வதே வழக்கம். கூட்டத்தின் நோக்கம் திட்டத்தை மாற்றுவது என்றால் வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது. நின்றது, திரும்பியது, புதிதாக வந்தது, நகர்ந்தது, முடிந்தது. மேலே உள்ள 27 பதிவுகளும் ஆறு வரியில் இப்படி அடங்கும்:

```
மார்ச் 12, புதன் (செவ்வாய் 10:00 முதல்)
நிற்பது: BUS-198 வங்கி இணைப்பு, வியாழன் முதல்.
  சோதனைக் கணக்கு வரவில்லை.
நிற்பது?: BUS-219 நிறுத்தப் பட்டியல், வெள்ளி முதல்.
  காரணம் பதிவில் இல்லை.
திரும்பியது: BUS-211 பணம் திரும்புதல். இரண்டு முறை
  அழுத்தினால் இரண்டு முறை பணம் போகிறது.
புதிது: BUS-223 தேதித் தேர்வுப் பிழை. ஆள் இல்லை.
நகர்ந்தது: BUS-204 ரிவ்யூவில் (ஒரு முறை திரும்பியது);
  BUS-220 கைமாறித் தொடங்கியது.
முடிந்தது: BUS-215 மின்னஞ்சல் பயணச்சீட்டு.
```

டிக்கெட் எண் மட்டும் போட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது, எண்ணை விட்டால் தேடிப் போக வழியில்லை. இரண்டும் வேண்டும். காரணம் பதிவிலோ கருத்துரையிலோ இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். BUS-219-க்குக் கேள்விக்குறி போட்டிருப்பது அதனால்தான். வேலை கடினமாக இருக்கலாம், பொறுப்பாளர் விடுப்பில் இருக்கலாம். அதைக் கூட்டத்தில் அவரிடம் கேட்பதுதான் முறை.

சரிதானா என்று பார்ப்பது

சுருக்கத்தைச் சரிபார்க்க, கடையின் இருப்புக் கணக்கைப் போலவே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நேற்று 10 மணிக்கு ஒவ்வொரு நிலையிலும் எத்தனை டிக்கெட் இருந்தன என்பதில், சுருக்கம் சொல்லும் வரவையும் போக்கையும் கூட்டிக் கழித்தால் இன்றைய போர்டு வர வேண்டும். எடுத்துக்காட்டுக் குழுவில் நேற்று செய்ய வேண்டியவை 8, நடப்பில் 3, சோதனையில் 1, முடிந்தவை 10, மொத்தம் 22. செய்ய வேண்டியவற்றிலிருந்து 215-உம் 220-உம் கிளம்பின, 223 வந்தது, ஆக 7. நடப்பிலிருந்து 204 போய், 211-உம் 220-உம் வந்தன, ஆக 4. ரிவ்யூவில் 1, சோதனையில் ஒன்றுமில்லை, முடிந்தவை 11. மொத்தம் 23. புதிய டிக்கெட் ஒன்று சேர்ந்ததால் கணக்கு ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் யாரோ ஒரு டிக்கெட்டை அழித்திருப்பார்கள் அல்லது வேறு திட்டத்துக்கு மாற்றியிருப்பார்கள். அழித்த டிக்கெட்டோடு அதன் வரலாறும் போய்விடுவதால், எந்தத் தேடலாலும் அதைக் காட்ட முடியாது. நேற்றைய எண்ணிக்கையைக் குறித்து வைத்திருந்தால்தான் ஒன்று குறைந்ததே தெரியவரும்.

கணக்குச் சரியாக வந்தாலும் பதிவு உண்மையைச் சொல்கிறதா என்பது வேறு. மாற்றங்களில் பெரும்பகுதி கூட்டத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தில் குவிந்திருந்தால், குழுவினர் வேலையை முடித்தபோது போர்டைத் தொடாமல், கூட்டத்துக்காக அவசரமாக இழுத்து வைக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட பதிவில் ‘நேற்று மாறியது’ என்பது நேற்று நடந்ததைக் குறிக்காது. ‘மூன்று நாளாக நிற்கிறது’ என்ற கணக்கும் தவறிவிடும்.

டிக்கெட் இல்லாத வேலையும் இதில் சேராது. புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்தது, வாடிக்கையாளரின் தொலைபேசிக்குப் பதில் சொன்னது, இன்னொருவரின் பிழையைப் பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தது எல்லாம் போர்டுக்கு வெளியே நடப்பவை. இவற்றைக் கூட்டத்தில் அவரவரே சொன்னால்தான் தெரியும். இந்தச் சுருக்கத்தை ஆட்களின் உழைப்பை அளக்கப் பயன்படுத்தினால், நகர்த்துவதற்கு அதிகம் கிடைக்கட்டும் என்று ஒரே வேலையைப் பல சிறு டிக்கெட்டுகளாகப் பிரிக்கத் தொடங்குவார்கள். பதிவுகள் பெருகும், வேலை எங்கே நிற்கிறது என்பது மறைந்துவிடும். குழு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளப் படிக்கும்வரைதான் அந்த ஆறு வரியை நம்ப முடியும்.